ஒரு சீட்டு, மூன்று ஆள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் எல்லாரும் சொல்வது அதுதான், நானும் மறுப்பதில்லை. ஆனால் அந்தத் தேர்தல் சமயத்தில் வந்தது வேறு ரகம். அதில் பயமும் கலந்திருந்தது.

நாஞ்சில் நாடு அப்போது இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. நான் திருவனந்தபுரத்தில் புள்ளியியல் படித்துவிட்டு நாகர்கோவிலுக்குக் கல்யாணமாகி வந்திருந்தேன். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கணக்குப் படிப்பு என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. என் கணவர் சுசீந்திரம் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மடியில் ஒரு வயது நிறையாத குழந்தை. அவர் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு வரும்படி.

அவருக்கு ஒரு வேண்டாத பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும், நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து உழுகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். நிலக்காரர் வயலை விட்டு இறக்கப் பார்க்கிறார், வார நெல்லைக் கூட்டிக் கேட்கிறார் என்று எவனாவது வந்து நின்றால் போதும், சோறு ஆறிப்போவது தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பார். தேர்தல் வந்தபோது இளவட்டப் பையன்கள் கூட்டமாக எங்கள் முற்றத்துக்கு வந்து, "சார், இந்தத் தடவை நீங்க நில்லுங்க" என்றார்கள். எதிரே நிற்கப்போகிறவர் பெரிய நிலக்காரர். அவர் வீட்டு வயலில் கால் வைக்காத குடும்பம் அந்தத் தொகுதியில் குறைவு.

நிற்பதென்றால் சர்க்கார் வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் மனுத் தாக்கல் செய்யவேண்டும். தோற்றால் வேலை திரும்ப வராது. அவர் யோசித்துக்கொண்டே இருந்தார், நான் பதறிக்கொண்டே இருந்தேன்.

இதற்குள் மதராஸ் பத்திரிகை ஒன்றின் ஆட்கள் எங்கள் தொகுதியில் கருத்துக் கணிப்பு எடுக்க ஆள் தேடினார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என் பேராசிரியர் வழியாக என்னிடம் வந்தார்கள். வாத்தியார் நின்றால் யாருக்குப் போடுவீர்கள் என்பதும் கேள்விகளில் ஒன்று. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், அந்த வாத்தியார் என் வீட்டுக்காரர் என்று. அவர்கள் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்கள். ஜனங்களிடம் நான் கேட்கக் கூடாது, கேட்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. பதில் எழுதிய சீட்டு என் கைக்கு வந்த பிறகு கூட்டிப் பார்த்து அட்டவணை போடுவது மட்டும் என் வேலை. நியாயமான நிபந்தனைதான். வேட்பாளர் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றால் எவன் முகத்துக்கு நேரே மாற்றிச் சொல்லுவான்.

இதை வீட்டில் சொன்னதும் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"பேப்பர்ல வரட்டும். வழி உண்டுன்னு தெரிஞ்சா ராஜினாமா எழுதிக் குடுக்கேன். இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு பாடம் நடத்தப் போறேன்."

"பேப்பர்ல வாறதைக் கூட்டிப் போடுறதே நாந்தானே" என்றேன்.

"அதான் எனக்கு நம்பிக்கை" என்றார்.

மனுஷன் தன் பிழைப்பைக் கொண்டுவந்து என் பென்சில் முனையில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவுகிறார்.

சீட்டு எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர். ஆண்களிடம் கேட்க, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பார்வத்தியக்காரர். கிராமத்து நிலவரி, புறம்போக்கு எல்லாம் பார்த்த அதிகாரி. எந்த வீட்டுக்கு எந்த ஒழுங்கை வழியாகப் போகவேண்டும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மக்கா என்பார். பெண்களிடம் கேட்க என் தோழி ஒருத்தி, ஆஸ்பத்திரி நர்ஸ்.

நினைத்த ஆளிடம் போய்க் கேட்க முடியாது. வாக்காளர் பட்டியலில் இத்தனை பேருக்கு ஒருவர் என்று எண்ணிக்கொண்டே போய்ப் பெயர் எடுத்தோம். எடுத்த பெயருக்குரிய ஆளைத்தான் பார்க்கவேண்டும். அவன் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது. திரும்பப் போகவேண்டும், மறுபடியும் போகவேண்டும். பெண்கள் விஷயத்தில் பட்டியலே எங்களைப் படுத்திவைத்தது. பல இடத்தில் பெயரே இல்லை. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான். அந்த மகள் பட்டியல் எழுதிய பிறகு கல்யாணமாகித் தோவாளைப் பக்கம் போயிருப்பாள். அங்கே தேடிப் போனால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள். என் தோழி இரண்டு ஊருக்கும் அலைந்து, மாமியாரிடம், "பிள்ளைக்கு நாடி பாக்கணும், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லித் தனியாக வைத்துக் கேட்பாள். கெட்டிக்காரி.

அண்ணாச்சியின் சீட்டுகள் வந்து சேர்ந்தன. அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ஆனால் வயதுவாரியாகப் பிரித்து அடுக்கியபோது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் அடுக்கு மட்டும் தட்டையாகக் கிடந்தது. மற்றவற்றில் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தார்.

இது நான் எதிர்பார்த்ததுதான். இதற்குத்தான் எடை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தொகுதியில் நூறு வாக்காளருக்கு முப்பது பேர் இளவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வந்த நூறு சீட்டில் அவர்களுடையது பத்துதான் என்றால், அந்தப் பத்தில் ஒவ்வொன்றையும் மூன்றாக எண்ணவேண்டும். மூத்தவர்களுடையது எழுபது இருக்கவேண்டிய இடத்தில் தொண்ணூறு வந்திருக்கிறது, ஆகையால் அவற்றில் ஒவ்வொன்றையும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைத்து எண்ணவேண்டும். அப்போது ஊரில் உள்ள விகிதம் கணக்கிலும் வந்துவிடும். பட்டியலில் எல்லாருக்கும் வயது எழுதியிருந்ததால் விகிதத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. எங்கள் தொகுதிக்கும் மூன்றுக்குப் பக்கத்தில்தான் வந்தது.

எடை போடுவதற்கு முன் என் வீட்டுக்காரர் கொஞ்சம் பின்தங்கியிருந்தார். இளவட்டத்தை மூன்றாக எண்ணினால் மேலே வந்துவிடுவார் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். எங்கள் முற்றத்தில் வந்து நின்ற பையன்களை என் கண்ணால் பார்த்தவள் அல்லவா. போட்டுப் பார்த்தால் இன்னும் கீழே போய்விட்டார். பெருக்கல் தப்போ என்று திரும்பப் போட்டேன். அதே விடைதான். இளவட்டச் சீட்டு கிட்டத்தட்ட எல்லாமே நிலக்காரருக்கு.

மறுநாள் அண்ணாச்சி வந்தபோது காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பையன்மாரை எங்க வச்சுக் கேட்டிய?"

"வீட்லதான். வேற எங்க வச்சுக் கேக்கது?"

"அப்பன்மாரு பக்கத்துல உண்டா?"

"இல்லாம பின்ன? ஒரு வீட்டுக்குப் போனா வீட்டுக்குப் பெரியவரைக் கண்டு நாலு வார்த்தை பேசிட்டுத்தான மத்த காரியம். நான் உச்சிநேரம் பாத்துதான் போவேன், அப்பத்தான் அவிய சாப்பிட வந்திருப்பாவ. பையனைக் கூப்பிட்டு விடுவாவ. அவன் தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு தூணுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பான். நான் கேட்டேன்னா அப்பன் முகத்தைப் பாப்பான். 'நாங்கெல்லாம் அவியளுக்குத்தான்'னு அப்பன் சொல்லுவாரு. பையனும் தலையாட்டுவான். எழுதிக்கிடுவேன். நல்ல வளர்ப்பு மக்கா, ஒருத்தனும் எதுத்து ஒரு வார்த்தை பேசல்ல."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல வளர்ப்புதான். நீங்க கேட்டது அப்பன்கிட்ட, எழுதினது மவன் பேர்ல. அதை நான் மூணால பெருக்கி வச்சிருக்கேன். ஒரு அப்பன் மூணு ஆளாயிட்டாரு, பாத்தியளா? அதுக்கு இளவட்டம்னு பேரு வேற."

அண்ணாச்சி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு முதலில் புரியவில்லை. அப்பனை ஒதுக்கிவிட்டு மகனிடம் தனியாக அபிப்பிராயம் கேட்பது என்பது அவர் காலத்தில் யாரும் செய்யாத காரியம். அண்ணாச்சிக்கு முன்னாலேயே அந்தப் பையன் வாய் திறப்பது கஷ்டம். பார்வத்தியம் ஐயா வருகிறார் என்றால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டு ஒதுங்குகிற பிள்ளைகள் அவர்கள். தப்பு என்று சொல்லவும் முடியாது, அவர் மரியாதையாகத்தான் நடந்திருக்கிறார். அந்த மரியாதையில்தான் என் வீட்டுச் சோறு மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

"அப்ப இந்த 'ஆள் இல்லை' எல்லாம் எங்க போனானுவ?" என்றேன்.

"மலைக்கு. பேச்சிப்பாறைக்கு மேல எஸ்டேட்டுல ரப்பர் வெட்டப் போயிருக்கானுவ. சிலவன் கால்வாய் வேலைக்கு. மூணு தடவை போனேன் மக்கா, மூணு தடவையும் வீட்ல இல்ல."

"மூணு தடவையும் உச்சிநேரமா?"

அவர் 'ஆள் இல்லை' சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை அல்ல. இந்த அட்டவணையை இப்படியே அனுப்பிவிடலாம். விதிப்படி எடை போட்டாயிற்று, ஒரு கணக்கும் பிசகவில்லை. பத்திரிகையில் வாத்தியாருக்கு வழியில்லை என்று வரும். அவர் ராஜினாமா செய்யமாட்டார். முதல் தேதி சம்பளம் வரும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. எடை என்பது வந்தவனை வைத்து வராதவனை ஊகிப்பது. வந்த பத்துப் பேர் வராத இருபது பேரைப் போல இருந்தால்தான் அது செல்லும். இங்கே வந்தவன் அப்பன் வீட்டில், அப்பன் சோற்றில் இருக்கிறவன். அவனும் வாய் திறக்கவில்லை. வராதவனோ சொந்தக் கையால் சம்பாதிக்க மலையேறிப் போனவன். இரண்டும் ஒன்றா? இது தெரிந்தும் ஒரு பொய்க் கணக்கை அனுப்பி, அதனால் நிலைத்த சம்பளத்தில் நான் சாப்பிட்டால் அது தொண்டையில் இறங்காது. மதராஸுக்குத் தந்தி கொடுத்தேன், இளவட்டச் சீட்டு செல்லாது, திரும்ப எடுக்கவேண்டும் என்று. திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது, மனுத் தாக்கல் முடிந்துவிடும்.

ஊரில் இருந்த பையன்களை அண்ணாச்சி வீட்டுக்கு வெளியே வைத்துப் பிடித்தார். கால்வாய்க் கரையில், பந்து விளையாடும் இடத்தில், முடிவெட்டுகிற கடையில். சனிக்கிழமை மத்தியானம் அவரும் நானும் பேச்சிப்பாறை பஸ்ஸில் ஏறினோம். நான் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்தத் தடவை எப்படிக் கேட்கிறார் என்று தூரத்திலிருந்தாவது பார்க்காமல் எனக்கு ஆறாது. குழந்தையைத் தோழியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அணையைத் தாண்டி எஸ்டேட் வரைக்கும் நடை. அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. பட்டியலில் எடுத்த பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார்.

ரப்பர் பால் அளந்து கொடுத்துவிட்டுப் பையன்கள் தொழிலாளர் குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் சாலை வளைவில் ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எட்டிப் பார்த்தால் தெரிந்தது. அண்ணாச்சியைக் கண்டதும் பையன்கள் பழக்கப்படியே துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இங்கேயும் தலையாட்டிவிட்டுப் போனால் வந்தது வீண்.

அண்ணாச்சி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்து ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, கட்டை எதிரே நின்ற பையனிடம் நீட்டினார். ஒரு பெரியவர் முன்னால் பீடியைக் கண்ணில் காட்டவே பயப்படுகிறவர்கள். அவன் அரண்டு பின்வாங்கினான்.

"எடுலே. நான் இங்க பார்வத்தியம் பாக்க வரல்ல. உங்க அப்பன்கிட்டயும் சொல்லமாட்டேன். ஒரு விஷயம் கேக்கணும், நீ நெனைக்கதை நீ சொல்லு."

அவன் எடுத்துக்கொண்டான். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. கைகளை ஆட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. கால் கடுக்க நின்றேன். என்ன சொல்கிறார்களோ, நல்லதாகச் சொன்னால் வேலை போகுமே, கெட்டதாகச் சொன்னால் அவர் மனது ஒடியுமே என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது.

உயரமான ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தான். அண்ணாச்சியிடம் பதில் சொல்லிவிட்டு வருகிறவன்.

"அக்கா, நீங்க சார் வீட்டு அக்காதான? இங்க எதுக்கு ஒளிஞ்சு நிக்கிய?"

"நான் பக்கத்துல நின்னா நீ எனக்காகச் சொல்லுவ. அது கணக்குல சேராது."

அவன் சிரித்தான். "நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குச் சொல்லட்டா?"

"வேண்டாம். சொல்லாத."

"இல்ல, கேட்டாவளே, அதான். எனக்கு ஓட்டு வந்து வருசம் ஆச்சு. எங்க வீட்லகூட எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணு கேட்டதில்ல." சொல்லிவிட்டு ஓடிப்போய் எனக்குப் பால் இல்லாத கட்டன்காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

திங்கட்கிழமை விடியுமுன் உட்கார்ந்து புதிதாக எல்லாவற்றையும் போட்டேன். இப்போது இளவட்டச் சீட்டு அதிகம் இருந்ததால் ஒன்றை மூன்றாக எண்ணவேண்டிய அவசியம் இல்லை, ஒன்றரைக்குப் பக்கத்தில் நின்றது. அது எனக்கு ஒரு ஆறுதல். ஒரு ஆள் வாயில் எத்தனை குறைவாக மற்றவர்களை ஏற்றுகிறோமோ அத்தனை குறைவாகத்தான் பிசகும். எல்லாரும் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடவும் இல்லை. அக்காள் கல்யாணத்துக்கு நிலக்காரர் நெல் கொடுத்தார், அதனால் அவருக்குத்தான் என்று ஒருவன் சொல்லியிருந்தான். ஆனால் பெரும்பாலும் வாத்தியாருக்கு. கூட்டிப் பார்த்தால் அவர் ஒரு நூல் முன்னால் நின்றார்.

அட்டவணையைத் தந்தி ஆபீஸுக்குக் கொண்டுபோகும் முன் அவரிடம் காட்டினேன். எப்படியும் மறுநாள் அச்சில் வரப்போவதுதான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

"இருங்க. முழுசாக் கேளுங்க. இது ஜனங்க மனசு. ஓட்டுப் பெட்டிக்கு வாற ஜனங்க இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணு இல்ல. அந்தப் பையன்மார் எதனால எங்களுக்குக் கிடைக்கல்லியோ, அதனாலதான் பெட்டிக்கும் கிடைக்கமாட்டானுவ. நாங்க பஸ் ஏறி, மலை ஏறி, பீடி குடுத்துக் கேட்டோம். பெட்டி மலைக்குப் போகாது. தேர்தல் வேலை நாள்ல வருகு. எடை போட்டு நான் அவனுவளைத் தாள்ல கொண்டுவந்துட்டேன். ஓட்டுச் சாவடிக்குக் கொண்டுவர எங்கிட்ட எடை கிடையாது."

அவர் யோசித்தார். உண்மையைச் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"நீங்க போய்க் கேட்டதும் வாய் திறந்தானுவல்லா? நான் போய்க் கூப்பிட்டா கீழ எறங்குவானுவ" என்றார்.

"எறங்கல்லன்னா?"

"எறங்கல்லன்னா டியூஷன் எடுத்துப் பொழைச்சுக்கிடுவோம். எம்மேல நம்பிக்கை வச்சு ஒருத்தன் மலையில உக்காந்து எம் பேரைச் சொல்லியிருக்கான். அது தெரிஞ்ச பொறவு நான் எப்படிப் போய் ஒண்ணுமே தெரியாத மாதிரி வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க?"

அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அட்டவணையின் கீழே நான் எழுதி அனுப்பிய எச்சரிக்கையைப் பத்திரிகைக்காரர்கள் வெட்டி எறிந்துவிட்டு, வாத்தியார் முந்துகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நிலக்காரர் பக்கம் இன்னும் கங்கணம் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஜெயித்தாயிற்று என்று மாலை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

தேர்தல் அன்று எங்கள் சாவடி ஒரு பள்ளிக்கூடம். நான் காலையிலேயே போட்டுவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே ஒதுங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். வரிசையைப் பார்த்தேன். நரைத்த தலைகள். கைத்தடிகள். மாமியாரும் மருமகளும் ஒன்றாக வந்து, வேட்பாளருக்கு ஒன்றாக வைத்திருந்த பெட்டிகளில் எதில் போடவேண்டும் என்று மாமியார் மருமகள் காதில் சொல்லிக்கொண்டே போனாள். நிலக்காரர் வீட்டு வில்வண்டி நடக்கமுடியாத கிழவர்களைக்கூட ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. அண்ணாச்சி வந்து என் பக்கத்தில் நின்றார். அவரும் வரிசையைத்தான் பார்த்தார்.

"மக்கா, இது நான் முதல்ல கொண்டுவந்த சீட்டு மாதிரியே இருக்கு" என்றார்.

என் கணவர் மலைக்கு லாரி அனுப்பியிருந்தார். காலையில் பால் எடுத்து, உச்சிக்குள் அளந்து கொடுத்துவிட்டால் விடுகிறோம் என்று எஸ்டேட்டில் ஒத்துக்கொண்டிருந்தார்களாம். மத்தியானம் ஆகியும் லாரி வரவில்லை. அளவு முடியவில்லை, கணக்கப்பிள்ளை வரவில்லை என்று அங்கே நேரத்தைக் கடத்தியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தேன்.

நேரம் முடிந்தது. சாவடி அதிகாரி வெளியே வந்து, கேட்டுக்குள் நின்றவர்களுக்கெல்லாம் கையில் ஒரு துண்டுத் தாள் கொடுத்துவிட்டுக் கேட்டை அடைக்கச் சொன்னார். சட்டம் அதுதான். உள்ளே நிற்கிறவன் எத்தனை நேரமானாலும் போடலாம், அதற்குப் பிறகு வருகிறவனுக்கு இல்லை. சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

லாரி சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

நிற்பதற்குள் குதித்துவிட்டார்கள். ரப்பர் பால் காய்ந்து கையெல்லாம் வெள்ளை வெள்ளையாக, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்கள். பூட்டைப் பார்த்ததும் முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு கேட்டைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே போலீஸ்காரர் தடியை எடுத்தார். வில்வண்டிப் பக்கத்தில் நின்ற நிலக்காரர் ஆட்களும் கூடிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கல்லைக் குனிந்து எடுத்ததை நான் பார்த்தேன்.

என் கணவர் ஓடிப்போய்க் கேட்டுக்கும் பையன்களுக்கும் நடுவில் நின்றார்.

"மக்கா, கேட்டை விடு. நேரம் முடிஞ்சுட்டு."

"சார், உங்களுக்குத்தான் சார் வந்தோம்."

"தெரியும்லே. அதுக்காவ இதை உடைக்கலாமா? இன்னைக்கு நீ உடைச்சா நாளைக்கு அவிய உடைப்பாவ. விடு."

வேலையை விட்டது, வீட்டு வரும்படியை விட்டது, எல்லாம் அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் கிடக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு நின்று சொன்னார். அவர் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் அங்கேயே எனக்கு விட்டுப்போயிற்று. பையன்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

உயரமான அந்தப் பையன் மட்டும் என்னைத் தேடி மரத்தடிக்கு வந்தான்.

"அக்கா, அன்னைக்கு எழுதின சீட்டு உங்க கையிலதான இருக்கும்?"

"இருக்கு மக்கா."

"அதுல நாங்க யாருக்குன்னு இருக்குல்லா. அதைக் கொண்டாந்து அந்த ஆபீஸர்கிட்ட குடுங்க. நாங்க இத்தனை பேரும் சாட்சி சொல்லுதோம்."

"அது செல்லாது மக்கா. அது வேற, இது வேற."

"எப்படிச் செல்லாம போவும்?" என்று கேட்டான். அவனுக்குக் கோபம் இல்லை, புரியாமல்தான் கேட்டான். "அப்பா சொன்னது இல்லக்கா. நானே சொன்னதாக்கும்."

எண்ணிக்கையில் என் கணவர் தோற்றார். வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கெல்லாம் நான் அழவில்லை. அந்தப் பையன் முன்னால்தான், அத்தனை பேர் பார்க்க, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.